பெடல் தெரியாத கால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கால் மரத்துப் போவது பற்றிச் சென்ற இதழ் மருத்துவப் பகுதியில் படித்தேன். சர்க்கரை நோயைப் பற்றி விரிவாகவே எழுதியிருந்தீர்கள். குடிப்பழக்கத்துக்கு மட்டும் அரை வரிதான் கிடைத்திருந்தது. அந்த அரை வரிக்குள் எனக்கு ஆறு வருடம் போயிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் தையல்காரன், வயது 54. பதினெட்டு வருடம் தினம் ஒரு குவார்ட்டர் குடித்தேன். ஞாயிற்றுக்கிழமை கூடவே போகும். முதலில் கால் விரல் நுனியில் எறும்பு ஊர்வது போல இருந்தது. அப்புறம் ராத்திரியில் உள்ளங்கால் காந்தியது, போர்வை பட்டாலே எரியும். போகப்போக எரிச்சல் இருந்த இடமே மரத்துவிட்டது. ஒரு நாள் மிஷின் பெடலில் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத் தைக்க வேண்டியதாயிற்று. தெருவில் செருப்பு கழன்று கிடப்பதைப் பின்னால் வந்தவர் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

நரம்புத் தளர்ச்சி என்று நானே முடிவு செய்துகொண்டு, மருந்துக்கடையில் பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை வாங்கி இரண்டு வருடம் விழுங்கினேன். மாத்திரையும் உள்ளே போனது, குவார்ட்டரும் போனது. அந்த மாத்திரையில் இருக்கும் பி6 வைட்டமின் அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும் என்று பிறகுதான் தெரிந்தது.

கடைசியில் நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் போனேன். "தினம் எவ்வளவு குடிப்பீங்க?" என்றார். "கொஞ்சம்தான் சார்" என்றேன். பக்கத்தில் இருந்த மனைவி உண்மையைச் சொல்லிவிட்டார். மருத்துவர், தட்டினால் அதிரும் இசைக்கவையைத் தட்டிக் கால் கட்டை விரலில் வைத்தார். இரண்டு காலிலும் அதிர்வு தெரியவில்லை. குதிகாலுக்கு மேலே தட்டினால் பாதம் துள்ள வேண்டுமாம், துள்ளவில்லை. சர்க்கரை, பி12, தைராய்டு எல்லாம் பார்த்தார், சரியாகவே இருந்தன. அப்புறம்தான் குடிதான் காரணம் என்று சொன்னார்.

ஏன் பாதத்தில் தொடங்குகிறது என்று கேட்டேன். கால் விரலுக்குப் போகும் நரம்பு இழையின் உயிரணு முதுகெலும்பை ஒட்டி இருக்கிறதாம். அங்கிருந்து கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளத்துக்குச் சத்து போய்ச் சேர வேண்டும். சாராயமும் அது உடைந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடும் நரம்பை நேரடியாகவே தாக்கும். போதாக்குறைக்கு நரம்புக்கு வேண்டிய தயாமின், அதாவது பி1, உடம்பில் குறைந்துவிடுகிறது. குடிப்பவன் சரியாகச் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டாலும் குடல் அதைச் சரியாக உறிஞ்சுவதில்லை, கெட்டுப்போன ஈரல் சேமித்தும் வைப்பதில்லை. வரத்து குறைந்தால் கடைமடைதானே முதலில் காயும்? அதனால்தான் இரண்டு பாதமும் ஒன்றுபோல மரத்து, அங்கிருந்து கெண்டைக்கால் பக்கம் ஏறுகிறது. ஒரு காலில் மட்டும் வந்தாலோ, திடீரென்று வந்தாலோ வேறு காரணத்தைத் தேட வேண்டும் என்றார்.

நிறுத்தினால் சரியாகிவிடுமா என்பதுதான் எல்லோரும் என்னிடம் கேட்பது. நிறுத்தி இரண்டரை வருடம் ஆகிறது, என் கணக்கைச் சொல்கிறேன். முதலில் ஆஸ்பத்திரியில் சேர்ந்துதான் நிறுத்தினேன். தினமும் குடித்தவன் வீட்டில் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வரலாமாம். தயாமினை முதலில் ஊசியாகப் போட்டார்கள், பிறகு மாத்திரை. எரிச்சல் நாலு மாதத்தில் குறையத் தொடங்கியது. மரத்துப்போனது அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. அறுந்த இழை மறுபடி வளர்ந்தால் நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதானாம். எனக்குக் கெண்டைக்கால் பாதியிலிருந்து விரல் வரை நாற்பது சென்டிமீட்டர் இருக்கும். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். நடுவில் குடித்தால் திரும்ப அடிபடும்.

உயிரணுவே செத்திருந்தால் அந்த இழை வளராது. எனக்கு மரத்த எல்லை கெண்டைக்காலிலிருந்து கணுக்காலுக்குக் கீழே இறங்கிவிட்டது. பெடல் தெரிகிறது. விரல்கள் இன்னும் தெரியவில்லை, பாதமும் துள்ளவில்லை. இதற்கு மேல் எவ்வளவு தேறும் என்று மருத்துவர் உறுதி தரவில்லை. சீக்கிரம் நிறுத்தியவர்களுக்கு அதிகம் தேறுவதைப் பார்த்திருப்பதாகச் சொன்னார்.

இன்னொன்று. மரத்த காலுக்கு முள் குத்தினாலும் தெரியாது. தையல் கடையில் ஊசிக்குப் பஞ்சமா? தினம் ராத்திரி கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். போன மாதம் அப்படித்தான் குதிகாலில் இருந்த உடைந்த குண்டூசியைக் கண்டேன். எப்போது ஏறியது என்றே தெரியாது.

இப்படிக்கு,
ஒரு தையல்காரர்,
ஈரோடு