செத்தல் மிளகாயும் சிறிமாவோ அம்மையாரும்

யாழ்ப்பாணம்.

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பிய கட்டுரையை வாசித்தேன். 1970 முதல் 1977 வரை எங்கள் கமக்காரர் செழித்ததற்கு, இறக்குமதியைக் கட்டுப்படுத்திய பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவே காரணம் என்று எழுதியிருக்கிறாய். செத்தல் மிளகாயும் வெங்காயமும் விற்றுக் கல்வீடு கட்டிய ஊரவர்களும் இன்றுவரை அப்படித்தான் சொல்கிறார்கள். அவர்களுடைய நன்றியை நான் மதிக்கிறேன். ஆனால் அதை அப்படியே காரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

அம்மையார் வருவதற்கு முன்பே நாட்டின் அந்நியச் செலாவணி வற்றிக்கொண்டிருந்தது. தேயிலையும் இறப்பரும் தெங்கும் விற்ற காசு இறக்குமதிக்குப் போதாமற் போனதால், 1967 இல் டட்லி சேனநாயக்காவின் அரசே ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. உள்ளூர் உணவு உற்பத்தியை ஊக்குவித்ததும் அந்த அரசுதான். பின்னர் 1973 இன் இறுதியில் எண்ணெய் விலை சில மாதங்களில் ஏறத்தாழ நான்கு மடங்காகியது. அந்நிலையில் எவர் பிரதமராக இருந்திருந்தாலும் வெளிநாட்டு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் டொலர் கொடுக்கத் தயங்கியிருப்பார்.

அப்படியானால் அம்மையாருடைய பங்கு எங்கே? இறக்குமதி குறைய வேண்டும் என்பதைச் செலாவணி தீர்மானித்தது; எவ்வளவு குறைய வேண்டும், அதன் சுமை யார் தலையில் விழ வேண்டும் என்பதை ஆட்சியாளர் தீர்மானித்தார். இடதுசாரிகளோடு கூட்டுச் சேர்ந்த அந்த அரசு வரியைக் கூட்டுவதோடு நிற்காமல் கடுமையான கட்டுப்பாட்டையே தெரிவுசெய்தது. அதே அரசு அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதற்கும் தடை போட்டதை நீ குறிப்பிடவேயில்லை. வாங்கித் தின்றவர் பட்ட பாட்டையும் சேர்த்தே அந்தக் காலத்தை அளக்க வேண்டும்.

இன்னொன்றையும் நீ தவறவிட்டுவிட்டாய். இறக்குமதித் தடை விலையைத்தான் உயர்த்தும், மிளகாயை முளைப்பிக்காது. செம்மண்ணும், சுண்ணாம்புக் கல்லைக் குடைந்து தோண்டிய கிணறும், துலாவின் இடத்தைப் பிடித்த இறைப்பு இயந்திரமும், புகையிலை நட்டுப் பழகிய கையும் இங்கே முன்னரே இருந்தன. அதனாற்றான் விலை ஏறியதும் புகையிலை நின்ற தறைகளில் மிளகாய்க் கன்று நட முடிந்தது.

1977 இல் ஜே.ஆர். ஜெயவர்த்தனா இறக்குமதியைத் திறந்துவிட்டதையும் இதே முறையில் பார். தட்டுப்பாட்டாலும் வேலையின்மையாலும் சலித்திருந்த நாட்டில் ஓரளவு திறப்பு எப்படியும் வந்திருக்கும். அந்த வேகத்தில், வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போதிய காப்பின்றித் திறந்ததே அவருடைய தெரிவு. (அவரை ஆட்சிக்குக் கொண்டுவந்த அந்த ஆண்டுத் தேர்தலில் எங்கள் மக்கள், தங்களுக்கு வருமானம் தந்த அரசுக்கு அல்ல, தமிழர் விடுதலைக் கூட்டணிக்கே வாக்களித்தார்கள். பல்கலைக்கழக அனுமதியில் கொண்டுவந்த தரப்படுத்தலும் 1972 அரசியலமைப்பும் அவர்கள் மனத்தில் மிளகாய் விலையைவிடக் கனமாக இருந்தன.)

கட்டுரையைத் திருத்துமுன் மத்திய வங்கியின் ஆண்டறிக்கைகளில் செத்தல் மிளகாய் இறக்குமதியின் அளவை 1965 இலிருந்து ஆண்டு ஆண்டாக எடுத்து எழுதிப் பார். வீழ்ச்சி 1970 க்கு முன்பே தொடங்கியிருந்தால் உன் முதல் வசனத்தை மாற்ற வேண்டும்; 1970 க்குப் பின் திடீரென விழுந்திருந்தால் அம்மையாருக்கு நான் கொடுத்ததைவிடக் கூடுதலான பங்கை நீ கொடுக்கலாம். அட்டவணையை எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
அப்பா