மதுரை நலச்சங்கங்களுக்கு: பாதாளச் சாக்கடை மனுவை எப்படித் திருத்துவது?

மதுரை மாநகராட்சிப் பகுதிக் குடியிருப்போர் நலச்சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

பாதாளச் சாக்கடை பொங்குவது பற்றிய மனுக்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன: “எங்கள் ஏரியாவில் மாதக்கணக்காகச் சாக்கடை ஓடுகிறது. அதிகாரிகள் கண்டுகொள்வதே இல்லை. போர்க்கால அடிப்படையில் நடவடிக்கை எடுக்கவும்.” கோபம் நியாயம்தான். ஆனால் எந்த மூடி பொங்குகிறது, உங்களுக்கு என்ன வேண்டும் என்பது இதைப் படிக்கும் உதவிப் பொறியாளருக்குத் தெரியாது. அடைப்பு எடுக்கும் வண்டி வரும், தண்ணீர் வடியும், “நடவடிக்கை எடுக்கப்பட்டது” என்று மனு முடிந்துவிடும். நாலு நாளில் மறுபடி பொங்கும்.

அடைப்பு எடுப்பது வேறு, குழாயை மாற்றுவது வேறு. முன்னது வண்டி வந்தால் முடிகிற வேலை. பின்னதற்கு மதிப்பீடு, ஒப்புதல், நிதி, டெண்டர் என்று நடை இருக்கிறது. இரண்டையும் ஒரே வரியில் கேட்டால் சுலபமானது மட்டும் நடக்கும். அதனால் எண் போட்டுப் பிரித்து எழுதுங்கள். மாதிரிக்கு:

“2வது குறுக்குத் தெருவில் கதவு எண் 14-க்கு எதிரே உள்ள பாதாளச் சாக்கடைத் தொட்டி ஜூன் 3, 11, 20 ஆகிய தேதிகளில் நிரம்பி வழிந்தது. முதல் இரண்டு முறையும் அடைப்பை நீக்கித் தந்தமைக்கு நன்றி. ஆயினும் பத்து நாளுக்குள் மீண்டும் அடைத்துக்கொள்கிறது. எனவே, 1) தற்போதைய அடைப்பை இயந்திரம் மூலம் நீக்கித் தரவும், 2) இத்தொட்டிக்கும் தெருமுனைத் தொட்டிக்கும் இடையிலான குழாயை ஆய்வு செய்து, பழுது இருப்பின் சீரமைக்க மதிப்பீடு தயாரித்து, அதன் விவரத்தை எழுத்துமூலம் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறோம்.”

“கண்டுகொள்வதே இல்லை” என்ற வரி போய்விட்டது; அது சொல்ல வந்ததை மூன்று தேதிகளே சொல்லிவிடுகின்றன. நன்றி சொன்னது முகஸ்துதி அல்ல. அடைப்பு எடுத்தும் தீரவில்லை என்பதற்கு அதுவே பதிவு. அதற்காக “பாதம் பணிந்து” என்றெல்லாம் இறங்கவும் வேண்டாம். வரி கட்டுகிறவர் கேட்கிற கோரிக்கைக்கு “கேட்டுக்கொள்கிறோம்” போதும்.

“குழாய் உடைந்துவிட்டது” என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். குழாயின் வாட்டம் சரியில்லாமல் இருக்கலாம், ஏதாவது ஓட்டலின் எண்ணெய்க் கசடு படிந்திருக்கலாம். கண்டதை எழுதுங்கள், காரணத்தை அவர்கள் பார்க்கட்டும். “ஆள் இறக்கியாவது” என்ற சொல் மனுவில் வரவே கூடாது; பாதுகாப்பின்றி மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

தெருவிளக்கையும் நாய்த் தொல்லையையும் இதே தாளில் சேர்க்காதீர்கள். மனு ஒரு பிரிவுக்குத்தான் போகும், மற்றவை அங்கேயே கிடந்துபோகும். முன்பு கொடுத்த புகாரின் எண்ணும் தேதியும் “பார்வை” என்ற தலைப்பின் கீழ் வரட்டும். கையெழுத்துத் தாள் ஒவ்வொன்றின் தலையிலும் மனுவின் பொருளையும் தேதியையும் எழுதுங்கள். வெறும் பெயர்ப் பட்டியல் மனுவிலிருந்து கழன்றுவிட்டால் அது எதற்கான கையெழுத்து என்று யாருக்கும் தெரியாது. நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். அடுத்த மனுவின் “பார்வை”க்கு அந்தத் தேதி வேண்டும்.