மூடி இல்லாமல் வந்த 24 பனையோலைப் பெட்டிகள்: மூன்றாவது புகார்

அனுப்புநர்: மயிலாப்பூர், சென்னை – 4
பெறுநர்: குறைதீர் அலுவலர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய அய்யா / அம்மா,

வணக்கம். இது நான் எழுதும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் "உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது" என்ற குறுஞ்செய்தி மட்டும்தான் வந்தது. உங்கள் தளத்தில் சிவப்புக் கரை போட்ட அந்தப் பனையோலைப் பெட்டி, உங்களுக்கே தெரியும், எங்கள் வீட்டு நிச்சயதார்த்தத்துக்காக அதில்தான் 24 வாங்கினேன். ஒன்று ₹480 வீதம் ₹11,520 கட்டினேன். படத்தில் பெட்டியின் மேல் மூடி சாய்த்து வைத்திருக்கிறது. வந்த 24 பெட்டியில் ஒன்றுக்குக்கூட மூடி இல்லை.

இதைத் தொலைபேசியில் சொன்னபோது உங்கள் ஊழியர் சொன்ன பதில்: "போட்டோல வெத்தலை, வாழைப்பழம்கூடத்தான் இருக்கு மேடம். அதையும் சேர்த்து அனுப்பணுமா?" பின்னால் இன்னொருவர் சிரித்ததும் கேட்டது. பணம் கட்டியவரிடம் இப்படியா பேசுவது? வெற்றிலையும் பழமும் அழகுக்கு வைத்தவை என்று யாருக்கும் தெரியும். மூடி அப்படியல்ல, அது பெட்டியின் பாதி. எது பொருளோடு சேர்ந்தது, எது படத்துக்காக வைத்தது என்று சொல்லத்தானே படத்துக்குக் கீழே விவரம் எழுதுகிறீர்கள்?

நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "அழகிய கைவினைக் கூடை. இயற்கையானது. நடுத்தர அளவு. நியாய விலை – பலன் கைவினைஞருக்கே." நடுத்தரம் என்றால் எத்தனை அங்குலம்? படத்தில் பக்கத்தில் ஒரு டம்ளர்கூட இல்லை, கிட்டத்தில் வைத்து எடுத்திருக்கிறீர்கள். ஒரு தேங்காயும் இரண்டு பழமும் ஒரு ஜாக்கெட் துணியும் தாராளமாகக் கொள்ளும் என்று நம்பினேன். வந்தது அடி 7 அங்குலம், உயரம் 6 அங்குலம். தேங்காய் வைத்ததும் பழத்துக்கு இடமில்லை.

தயவுசெய்து அந்த விவரத்தை மாற்றுங்கள். இதையே நீங்கள் எடுத்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை:

"பனங்குருத்தோலையில் கையால் முடைந்த பெட்டி. அடி சதுரம், 7 அங்குலம், வாய் வட்டம், உயரம் 6 அங்குலம். கைவேலை என்பதால் கால் அங்குலம் கூடக் குறைய இருக்கும். விளிம்பில் ஈர்க்கு வைத்து நாரால் கட்டியது. மூடி கிடையாது. ஒரு தேங்காய், ஒரு சிறு பொட்டலம் கொள்ளும். சாய ஓலையில் ஈரம் பட்டால் நிறம் இறங்கலாம். வெற்றிலை வைத்தால் அடியில் வாழையிலை விரிக்கவும். பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால் பூஞ்சை பிடிக்கும், காற்றாட வைக்கவும். படத்தில் உள்ள பழம், வெற்றிலை விற்பனைக்கு அல்ல."

பத்தே வரிதான். இதைப் படித்திருந்தால் நான் வாங்கியே இருக்க மாட்டேன், உங்களுக்கும் இந்தத் தொல்லை இல்லை.

இனி அந்த "நியாய விலை". ₹480 அதிகம் என்று நான் சொல்லவில்லை. மூடியோடு வந்திருந்தால் அது நியாயமான விலைதான். என் கணக்கைப் பாருங்கள். பெட்டி முடைய 4 மணி நேரம், மூடிக்கு 2 மணி நேரம். மணிக்கு ₹50 கூலி என்றால் ₹300. குருத்தோலை ₹45, சாயமும் அதைக் கொதிக்க வைக்கும் விறகும் ₹15, விளிம்புக்கு நார் ₹10. ஆக ₹370. மீதி ₹110 வண்டி வாடகை, அட்டைப்பெட்டி, உங்கள் செலவு என்று வைத்துக்கொள்வோம். இப்போது மூடியைக் கழியுங்கள்: கூலி ₹100, ஓலை ₹15, சாயம் ₹5. மூடி இல்லாத பெட்டி ₹360தான் ஆகிறது. பெட்டிக்கு ₹120 கூடுதல், 24 பெட்டிக்கு ₹2,880. அந்த 2 மணி நேரக் கூலி முடைந்தவருக்குப் போயிருந்தால் எனக்கு மனம் ஆறியிருக்கும். முடையாத மூடிக்கு யார் கூலி கொடுத்திருப்பார்கள்? அந்தப் பணம் உங்களிடம்தான் நின்றிருக்கிறது. "பலன் கைவினைஞருக்கே" என்று எழுதினால் ஓலைக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு, உங்கள் பங்கு எவ்வளவு என்று மூன்று எண்ணையாவது போடுங்கள். அவர் பெயரைச் சொல்லி என்னிடம் பணம் வாங்கியிருக்கிறீர்கள்.

அம்பத்தூரில் உள்ள உங்கள் கிடங்குக்கு நேரில் போங்கள் என்று சொன்னதே நீங்கள்தான். மயிலாப்பூரிலிருந்து இரண்டு பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு, நல்ல வெயிலில் போனேன். காவலாளி கேட்டுக்கு உள்ளேயே விடவில்லை. "கூரியர்காரங்க மட்டும்தான்மா உள்ள வரலாம்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்குச் சொன்னதை அவர் செய்கிறார். ஒரு மணி நேரம் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினேன். அன்றைய நாளும் போய், ஆட்டோவுக்கு மட்டும் ₹900 போனது.

இன்னொன்று விட்டுப்போயிற்று. வேறொரு ஊழியர், இவர் மரியாதையாகப் பேசினார், "மூடியை மட்டும் தனியாகச் செய்து அனுப்புகிறோம்" என்றார். நான்கு மாதிரி மூடிகள் வந்தன. இரண்டு வாயில் ஏறவே இல்லை, இரண்டு தொளதொளவென்று உள்ளே விழுகின்றன. ஓலையை நனைத்துப் பதமாக்கித்தான் முடைவார்கள், காய்ந்ததும் அது சுருங்கும். ஈரம் அதிகமாக இருக்கும்போது முடைந்தால் இழைக்கு நடுவே சந்து விழும். அதனால் பெட்டியின் வாயை வைத்துப் பார்த்துத்தான் மூடியை முடைய வேண்டும். பெட்டி இல்லாமல், அளவை மட்டும் போனில் கேட்டு முடைந்த மூடி பொருந்தாது. பனையோலை விற்கும் உங்களுக்கு இது தெரியாதா? தெரிந்தும் அனுப்பினீர்கள் என்றால் அது இன்னும் மோசம்.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய நாள் இரவு பாண்டி பஜாரில் அலைந்து துணிப்பைகள் வாங்கி ஒப்பேற்றினோம். சம்பந்தி வீட்டார் முன்னால் எங்கள் வீட்டு மானமே போய்விட்டது. பணத்தோடு மன உளைச்சலையும் சேர்த்தால் எனக்கு நேர்ந்த இழப்பு ஐம்பதாயிரத்துக்குக் குறையாது.

இருந்தாலும் நான் கேட்பது கொஞ்சம்தான். ₹2,880ஐயும் ஆட்டோ செலவு ₹900ஐயும் சேர்த்து ₹3,780 திருப்பிக் கொடுங்கள். விவரத்தையும் படத்தையும் திருத்துங்கள். வெற்றிலை, வாழைப்பழம் என்று கேலி பேசிய அந்த ஊழியர் என்னிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டும். இது மூன்றிலும் எனக்கு முக்கியம் கடைசியில் சொன்னதுதான்.

2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டியது குறைதீர் அலுவலரின் பொறுப்பு. என் முதல் கடிதத்துக்கு அந்த ஒரு மாதம் தாண்டிவிட்டது. இந்தக் கடிதம் கிடைத்து ஏழு நாளில் பதில் வராவிட்டால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்வேன். அதிலும் தீராவிட்டால் சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் வரை அங்கே கட்டணமும் கிடையாது. உங்கள் படம், விவரம், விலைக் குறிப்பு எல்லாவற்றையும் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன், மாற்றினாலும் பழையது என்னிடம் இருக்கிறது.

அந்த நிலைக்கு என்னைத் தள்ளாதீர்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பொருந்தாத நான்கு மூடிகளும் இங்கேதான் இருக்கின்றன. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள், நான் மறுபடி அம்பத்தூர் வர மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பணம் கட்டிய ரசீது, தளத்தில் இருந்த படம், வந்த பெட்டியை அளவுகோல் வைத்து எடுத்த படம்