பன்றி இறைச்சி சமைக்காத சமையலறைக்கும் நாடாப்புழு வரும்

விடுதி, உணவகம், அலுவலக கேன்டீன் என்று பலருக்கும் சேர்த்துச் சமைக்கும் இடங்களை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். நாடாப்புழு என்றதும் உங்களில் பலர் இறைச்சி வாங்கும் இடத்தைத்தான் யோசிப்பீர்கள். நல்ல கடையில் வாங்குகிறோம், நன்றாக வேகவைக்கிறோம், அதோடு முடிந்தது என்று நினைப்பீர்கள். சைவச் சமையலறை நடத்துகிறவர்களோ இந்த மடல் தங்களுக்கு இல்லை என்று நகர்ந்துவிடக்கூடும். அவர்களும் இதை முழுக்கப் படிக்க வேண்டும்.

இந்தப் புழு மனிதருக்குள் நுழைய இரண்டு வழிகள் உண்டு. இரண்டும் வேறு வேறு நோயைத் தருகின்றன. முதல் வழி இறைச்சி. பன்றி அல்லது மாட்டின் தசையில் புழுவின் இளம்பருவம் சிறு நீர்க்கொப்புளமாகத் தங்கியிருக்கும். வெந்த ஜவ்வரிசி போலப் பளபளப்பாக, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியோடு தெரியும். அந்தப் புள்ளிதான் புழுவின் தலை. அரைவேக்காட்டில் அதைத் தின்றால் அந்தத் தலை சிறுகுடல் சுவரைப் பற்றிக்கொண்டு, இரண்டு மூன்று மாதத்தில் சில மீட்டர் நீளமுள்ள முழுப் புழுவாக வளரும்.

இரண்டாவது வழி முட்டை. குடலில் பன்றி நாடாப்புழு இருப்பவரின் மலத்தில் முட்டைகள் வெளியேறும். புழுவின் உடலிலிருந்து கழன்று வரும் முற்றிய ஒரு துண்டில் ஏறக்குறைய 50,000 முட்டைகள் இருக்கலாம். கழுவாத கையிலிருந்து அவை உணவில் சேர்ந்து இன்னொருவர் வயிற்றுக்குப் போனால் குடலில் புழு வளராது. முட்டையிலிருந்து வெளிவரும் கரு குடல் சுவரைத் துளைத்து, இரத்தத்தோடு போய்த் தசையிலும் கண்ணிலும் மூளையிலும் கொப்புளமாகத் தங்கிவிடும். மூளையில் தங்கினால் வலிப்பு வரும், விடாத தலைவலி வரும். முட்டை வயிற்றுக்குள் போய்ப் பல ஆண்டுகள் கழித்துக்கூட முதல் வலிப்பு வரலாம். மாட்டு நாடாப்புழுவின் முட்டை மனிதரை இப்படித் தாக்குவதில்லை. ஆனால் நுண்ணோக்கியில் இரண்டின் முட்டைகளும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் எந்த முட்டை தெரிந்தாலும் பன்றிப் புழு என்றே எடுத்துக்கொண்டு நடப்பதுதான் சரி.

இந்த இரண்டாவது வழிக்கு நன்கு ஆராயப்பட்ட சான்று ஒன்று உண்டு. நியூயார்க் நகரில் மத நெறிப்படி பன்றி இறைச்சியைத் தொடாத யூதச் சமூகத்தில் நான்கு பேருக்கு வலிப்பு வந்தது. மூளையில் பன்றி நாடாப்புழுவின் கொப்புளங்கள் இருந்தன. அவர்களுடைய வீடுகளில் வேலை பார்த்த பணியாளர்களோ, இந்தப் புழு பரவலாக உள்ள லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள். பரிசோதித்தபோது அந்தப் பணியாளர்களில் ஒருவருக்கு நாடாப்புழுத் தொற்று இருந்தது தெரிந்தது. 1992-ல் மருத்துவ இதழில் வெளியான இந்த ஆய்வுக்குப் பிறகும், 'எங்கள் சமையலறையில் பன்றியே கிடையாது' என்பதைப் பாதுகாப்பாக எண்ணுவது தவறு. இறைச்சியே நுழையாத சமையலறையிலும் சமைப்பவரின் கை நுழைகிறது.

அந்தக் கைக்கு உரியவருக்கே தன் வயிற்றில் புழு இருப்பது பெரும்பாலும் தெரியாது. சிலருக்கு லேசான வயிற்றுவலி, குமட்டல், பசியில் மாற்றம், எடை குறைவு இருக்கும். பலருக்கு எதுவுமே இருக்காது. நம்பத்தகுந்த ஒரே அடையாளம், மலத்தில் தட்டையான வெள்ளைத் துண்டுகள் வருவது. ஒவ்வொன்றும் ஓரிரு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். மாட்டுப் புழுவின் துண்டு தானாக நெளிந்து உள்ளாடையில்கூட வந்து ஒட்டும். பன்றிப் புழுவின் துண்டுகள் அசையாமல் மலத்தோடு போய்விடுவதால் கவனத்துக்கு வராமலே போகும்.

எனவே வேலைக்குச் சேர்க்கும்போதும் பிறகு அவ்வப்போதும் இதை வெளிப்படையாகக் கேளுங்கள். துண்டு பார்த்ததாக ஒருவர் சொன்னால், வெவ்வேறு நாட்களில் எடுத்த மூன்று மல மாதிரிகளைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். முட்டை தினமும் வெளிவராது என்பதால் ஒரே மாதிரியில் 'இல்லை' என்று வந்தால் போதாது. துண்டு கிடைத்தால் அதையும் ஒரு டப்பாவில் கொடுத்தனுப்பலாம், எந்த வகைப் புழு என்பதை அதில்தான் பிரித்தறிய முடியும்.

சிகிச்சை எளிது. பிரசிக்வாண்டல் மாத்திரை, உடல் எடையில் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம், ஒரே வேளை. அறுபது கிலோ எடையுள்ள சமையல்காரருக்கு அதிகபட்சம் 600 மில்லிகிராம். ஆனால் இதை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். இந்த மருந்து இரத்தத்தில் கலந்து மூளைக்கும் போகும். அங்கே தெரியாமல் கொப்புளம் இருந்தால், அது சாகும்போது உண்டாகும் வீக்கத்தால் வலிப்பு வரலாம். அதனால்தான் மருத்துவர் முதலில் வலிப்பு, தலைவலி பற்றி விசாரிப்பார். சந்தேகம் இருந்தால் குடலைவிட்டு உடலுக்குள் பெரிதாகக் கலக்காத நிக்லோசமைடைத் தேர்ந்தெடுப்பார். பெரியவர்களுக்கு அது 2 கிராம், ஒரே வேளை. எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்கும் ஒற்றைக் குடற்புழு மாத்திரையை இதற்கு நம்ப முடியாது. தலை மட்டும் குடலில் மிஞ்சினாலும் புழு மறுபடி வளரும். ஆகவே ஒரு மாதத்திலும் மூன்று மாதத்திலும் மலத்தைத் திரும்பப் பரிசோதிக்க வேண்டும்.

மூளைக் கொப்புளத்துக்கான சிகிச்சை இப்படி ஒரு மாத்திரையோடு முடிவதில்லை. ஸ்கேன், வலிப்பு மருந்து, வீக்கம் குறைக்கும் ஸ்டீராய்டு, தேவைப்பட்டால் நாள்கணக்கில் அல்பெண்டசோல், அதற்கு முன் கண் பரிசோதனை என்று நீளும்.

இனி சமையலறை. கழிப்பறைக்கு வெளியிலேயே சோப்பும் ஓடும் தண்ணீரும் இருக்க வேண்டும். இருபது நொடி தேய்த்துக் கழுவ வேண்டும், நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். ஆல்கஹால் சானிடைசர் இந்த முட்டையைக் கொல்லாது. சோப்பும் கொல்வதில்லை, ஆனால் தேய்த்துக் கழுவும்போது முட்டை தண்ணீரோடு போய்விடும். கழுவாத கையில் கையுறை மாட்டினால், மாட்டும்போதே கையுறையின் வெளிப்பக்கம் அழுக்காகிவிடும். அடுப்பில் ஏறாத சாலட், நறுக்கிய பழம், வெந்தபின் தூவும் இலைதழை இவற்றில்தான் உங்கள் கண்டிப்பு அதிகம் வேண்டும், ஏனென்றால் அவற்றைத் தொட்ட கைக்குப் பிறகு வெப்பம் எதுவும் இல்லை.

இறைச்சி சமைக்கிறவர்கள் குச்சி வெப்பமானி ஒன்று வாங்குங்கள். எலும்பில் படாமல், துண்டின் தடித்த பகுதியின் நடுவில் செருகுங்கள். முழுத் துண்டு 63 டிகிரி செல்சியஸை எட்டியபின் மூன்று நிமிடம் விட்டு வெட்டுங்கள். கொத்துக்கறி 71 டிகிரி. நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், நடுப்பகுதி போதிய சூட்டை எட்டும் முன்பே கறி பழுப்பாகிவிடலாம். உறைந்த கட்டியை அப்படியே சட்டியில் போடும்போதுதான் வெளியே வெந்து உள்ளே பச்சையாக நிற்கும். உப்பு சரிபார்க்கப் பச்சைக் கொத்துக்கறியை நாக்கில் வைக்கும் பழக்கம் சமையல்காரரையே நோயாளியாக்கும். ஒரு சிட்டிகையைப் பொரித்துச் சுவைக்கச் சொல்லுங்கள். உறையவைப்பதும் கொப்புளத்தைக் கொல்லும்: மைனஸ் 5 டிகிரியில் நான்கு நாள், மைனஸ் 15-ல் மூன்று நாள், மைனஸ் 24-ல் ஒரு நாள். துண்டின் நடுப்பகுதி அந்தக் குளிரை எட்டிய பிறகே நாளை எண்ண வேண்டும்.

கடைசியாக ஒன்று. துண்டு பார்த்ததாகச் சொன்னவரை வேலையைவிட்டு நிறுத்தினால், அடுத்தவர் வாயே திறக்கமாட்டார். முட்டை மட்டும் தொடர்ந்து வெளியேறிக்கொண்டிருக்கும். பரிசோதனைச் செலவையும் மருந்துச் செலவையும் நீங்கள் ஏற்று, சிகிச்சை முடியும்வரை அவருக்கு உணவைத் தொடாத வேலை கொடுத்து, சம்பளத்தைப் பிடிக்காமல் விடுங்கள். அவரோடு ஒரே அறையில் தங்கி ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துகிறவர்களையும் அதே வாரத்தில் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒட்டுண்ணி நோய் மருத்துவர்களும் உணவுப் பாதுகாப்புப் பணியாளர்களும்