அத்தையின் அட்டவணையில் எங்களுக்கும் ஒரு கட்டம்

சுங்கை சிப்புட், பேராக்
ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு அனைவரும் நலம். போன வாரம் உன் மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் நீ அப்பாவின் கட்டிலருகே நிற்கிறாய். அப்பாவைப் பார்ப்பதற்கு முன்பே என் கண் உன் கைக்குப் போய்விட்டது. சோப்புப் போட்டு இழுத்தாலும் கழலாது என்று நீ சொல்லும் அந்தக் கல்யாண வளையல் இப்போது முழங்கைக்குப் பக்கத்தில் ஏறிக் கிடக்கிறது. போனில் கேட்டால் "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லி அப்பாவின் இடுப்பு எலும்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாய் என்பதால்தான் கடிதமாக எழுதுகிறேன்.

அத்தைக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. அவரை எப்படிப் பார்த்துக்கொண்டோம் என்பதை அவ்வப்போது சொல்லியிருக்கிறேன். பார்த்துக்கொண்ட நாங்கள் இருவரும் என்ன ஆனோம் என்பதைச் சொல்லவில்லை. முதல் ஐந்து மாதத்தில் நான் 58 கிலோவிலிருந்து 64 ஆனேன். என் நாத்தனார் நான்கே மாதத்தில் 50 கிலோவிலிருந்து 43.5-க்கு இறங்கினாள். ஒரே வீடு, ஒரே நோயாளி, ஒரே அடுப்பு.

அத்தையின் சாப்பாடு எப்படி நடந்தது என்று சொன்னால்தான் இது உனக்குப் புரியும். விழுங்க முடியாததால் மூக்கு வழியாகக் குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6, இரவு 10 என்று ஐந்து வேளை. ஒவ்வொரு வேளைக்கும் 250 மில்லி பால் உணவு, முன்னும் பின்னும் கொஞ்சம் தண்ணீர். தலைப்பக்கத்தை உயர்த்தி, பெரிய சிரிஞ்சைக் கையில் உயரமாகப் பிடித்துக்கொண்டு, தானாக இறங்கும்வரை பதினைந்து இருபது நிமிடம் நிற்க வேண்டும். அதன்பின் அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை அவரைப் படுக்கவைக்கக் கூடாது. படுத்தால் பால் மேலேறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. இடையில் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பதும் பேம்பர்ஸ் மாற்றுவதும் நடக்கும். இவையெல்லாம் ஒரு தாளில் நேரம் போட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தது. அத்தை ஒரு வேளைகூடத் தவறியதில்லை. முப்பது வருடம், தோட்டத்தில் ஆட்களை வேலைக்குக் கூட்டும் பெரட்டு மணிக்கு எழுந்து பால்மரம் சீவிய மனுஷி. நேரத்துக்குச் சாப்பிடுவது அவருக்குப் பழக்கம்தான். எங்கள் இருவருக்கும்தான் அந்தத் தாளில் இடமே இல்லை.

பகலை நாத்தனாரும் இரவை நானும் பங்கு போட்டுக்கொண்டோம். என் வீட்டுக்காரர் செம்பனை ஆலையில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர். அவரை இரவில் எழுப்ப முடியாது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்கிறேன். இரவு 10 மணி உணவு முடிந்து, 12-க்குப் புரட்டி, 2-க்குப் புரட்டி, 4-க்கு ஈரம் மாற்றி உட்கார்ந்திருக்கும்போது வருவது உண்மையான பசி அல்ல, தூக்கம் கெட்ட உடம்பின் பசி. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு கூடும்; போதும் என்று சொல்லும் சுரப்பு குறையும்; வாய் இனிப்பையும் மாவையும்தான் தேடும். எனக்குத் தேடவும் வேண்டியிருக்கவில்லை. இந்த ஊரில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. மைலோ டின், மாரி பிஸ்கட், கிரீம் பிஸ்கட், பேரீச்சை என்று வந்துகொண்டே இருக்கும். அத்தை வாயால் சாப்பிட முடியாதவர் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் கொண்டுவருவார்கள். எல்லாம் அவர் கட்டிலுக்கு அடியில் அடுக்கப்பட்டிருந்தது. ராத்திரி 2 மணிக்கு நான் உட்காரும் நாற்காலியில் இருந்து கை நீட்டினால் எட்டும்.

இரத்த அழுத்தம் பார்க்கப் போன இடத்தில் ஒரு நர்ஸ் என் எடையைப் பார்த்துவிட்டு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். "மிஸ்ஸி, ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சோறு" என்றேன், பொய்யில்லாமல்தான். வாயில் போடும் எதையும் விடாமல் மூன்று நாள் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். எழுதிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. சோறு ஒரு வேளைதான். ஆனால் அதற்கு வெளியே முனைக்கடைத் தே தாரிக் இரண்டு, நின்றபடி தின்ற ரொட்டி சானாய், கணக்கில்லாத பிஸ்கட். அந்தத் தே தாரிக்கில் ஊற்றுவது கெட்டியான இனிப்புப் பால். ஒரு கோப்பை ஏறக்குறைய 150 கலோரி என்று அவர் சொன்னார். ஒரு கிலோ கொழுப்பு சேர 7,700 கலோரி அளவுக்கு மிச்சம் வேண்டுமாம். நீ கணக்கு டீச்சராக இருந்தவள், போட்டுப் பார்: ஆறு கிலோவை 150 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 300 கலோரிதான் வருகிறது. அதாவது இரண்டு கோப்பைத் தே தாரிக். நான் பெருந்தீனி தின்று குண்டாகவில்லை, அக்கா. மற்றவற்றை எல்லாம் சரிக்கட்டியிருந்தாலும் அந்த இரண்டு கோப்பையே போதுமாக இருந்திருக்கும்.

நாத்தனார் கதை இதற்கு நேர் எதிர். பகல் முழுவதும் கழுவுவதும் மாற்றுவதும் அவள் கையில். அந்த வாடை மூக்கை விட்டுப் போவதற்குள் சோற்றில் கை வைக்க முடியவில்லை என்பாள். அது பாதிக் காரணம். மீதியை ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னாள். அம்மா வாயில் ஒரு பருக்கை போக வழியில்லாமல் படுத்துக்கொண்டு பார்க்கிறபோது, அதே அறையில் தான் மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிடுவது துரோகம் மாதிரி இருந்ததாம். அதனால் புறவாசலில் நின்று கட்டங்காப்பியும் இரண்டு கிரீம் கிராக்கரும் சாப்பிட்டு வந்துவிடுவாள். பதட்டத்தில் சிலருக்கு வயிறு அடைத்துப் பசியே எடுக்காது. எடுக்கிற கொஞ்சப் பசியையும் காப்பி மறைத்துவிடும். மூன்றாவது மாதம் தலைமுடி கொத்தாக உதிர்ந்தது, மாதவிலக்கு தள்ளிப்போனது, அத்தையைத் தூக்கி உட்காரவைக்கும்போது கண் இருட்டியது. நாங்கள் எல்லோரும் "கவலையில் இளைத்துவிட்டாள்" என்று சொல்லி நகர்ந்துகொண்டோம்.

இந்த வாக்கியம்தான் ஆபத்து. முயற்சி செய்யாமலே ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தால் காரணம் தேட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். இவளுக்கு நான்கு மாதத்தில் பதின்மூன்று பங்கு போயிருந்தது. நன்றாகச் சாப்பிட்டும் இளைத்து, நெஞ்சு படபடத்து, கை நடுங்கினால் தைராய்டாக இருக்கலாம். தாகமும் அடிக்கடி சிறுநீரும் சேர்ந்தால் சர்க்கரை. மாலைக் காய்ச்சலும் விடாத இருமலும் இரவு வேர்வையும் இருந்தால் காசநோய். இரத்தமும் எடுத்தார்கள், நெஞ்சுப் படமும் எடுத்தார்கள். எதுவும் இல்லை, இரத்தச் சோகை மட்டும் இருந்தது. எல்லாம் பார்த்த பிறகுதான், சாப்பிடாததுதான் காரணம் என்று டாக்டர் சொன்னார்.

வழி அந்த நர்ஸ் சொன்னதுதான், பெரிதாக ஒன்றும் இல்லை. அத்தையின் தாளில் இன்னொரு கட்டம் போட்டு எங்கள் சாப்பாட்டையும் எழுதச் சொன்னார். எந்த நேரத்தில் என்று கேட்டதற்கு, குழாய் உணவு முடிந்து அத்தை கட்டாயம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் அந்த அரை மணியில் என்றார். அப்போது புரட்டவும் முடியாது, குளிப்பாட்டவும் முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது ஒன்றுதான் வேலை. நாங்களோ அந்த அரை மணியில்தான் ஓடிப்போய்த் துணி துவைத்துக்கொண்டிருந்தோம்.

நாத்தனார் முதல் வாரம் அத்தைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். ஒரு நாள் அத்தை நல்ல கையால் அவள் புடவையை இழுத்துத் தட்டைக் காட்டினார். என்ன சாப்பிடுகிறாய் என்று பார்க்க வேண்டுமாம். அதன்பின் திரும்பி உட்கார்ந்தாள். அவளுக்குத் தட்டு நிறையச் சோறு போட்டால் பார்த்தவுடன் வயிறு மூடிக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு வேளையும் கொஞ்சமாக, ஆனால் சத்தாக: அவித்த முட்டை, பால் ஊற்றிய கஞ்சி, வறுத்த கச்சான், நெய் விட்ட பருப்புச் சோறு. காப்பி சாப்பிட்ட பிறகுதான், முன்னால் கிடையாது. மூன்று மாதத்தில் மூன்று கிலோ ஏறியிருக்கிறாள். கண் இருட்டுவது நின்றுவிட்டது.

எனக்கு வேறு மாதிரி. மாலை 6-க்கும் இரவு 10-க்கும் சரியாகச் சாப்பிட்டுவிட்டு, பிறகு விடியும்வரை தண்ணீர், மிஞ்சினால் தே ஓ கோசோங், அதாவது பாலும் சீனியும் இல்லாத தேநீர். பிஸ்கட் டின்களைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துக் கோயில் மடப்பள்ளிக்குக் கொடுத்துவிட்டேன். இவற்றைவிட அதிகம் உதவியது, வாரத்தில் இரண்டு இரவை நாத்தனாரோடு மாற்றிக்கொண்டு முழுதாகத் தூங்கியதுதான். தூங்கிய மறுநாள் தே தாரிக் ஞாபகமே வராது. இரண்டரைக் கிலோ குறைந்திருக்கிறது. இடையில் அத்தைக்குச் சளி நெஞ்சில் கட்டி எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது தாளும் இல்லை, கட்டமும் இல்லை. கேண்டீன் நாசி லெமாக்கில் ஒரு கிலோ திரும்ப வந்தது. அப்படித்தான் இருக்கும்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு என்னைவிட ஒரு சிக்கல் கூடுதல், நீ சர்க்கரை மாத்திரை போடுகிறவள். மாத்திரை ஒரு நாளும் தவறவில்லை என்று பெருமையாகச் சொன்னாய். ஆனால் அப்பாவைக் குளிக்கவைத்து முடிக்கப் பதினொரு மணி ஆகிறது, அதன்பின்தான் இட்லி என்றும் சொன்னாய். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தாழ்ந்துபோகும். கை நடுங்கி, குப்பென்று வேர்த்து, படபடப்பு வந்தால் அது அசதி அல்ல. உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு உட்கார். எல்லாச் சர்க்கரை மாத்திரையும் இப்படிச் செய்வதில்லை. மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு போய், எதைச் சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டும், எடை குறைந்த பிறகும் இதே அளவுதானா என்று டாக்டரிடம் கேள். நீயாக நிறுத்திவிடாதே.

தீபாவளிக்குப் பார்த்தபோது 62 கிலோ என்றாய். ஐந்து பங்கு என்றால் மூன்று கிலோ. 59-க்குக் கீழே இருந்தால் கவலையில் இளைத்தேன் என்ற பேச்சே வேண்டாம், இரத்தம் கொடுத்துவிட்டு வா. தினமும் நிறுக்காதே, ஒரு நாளுக்குள்ளேயே தண்ணீரால் ஒரு கிலோ கூடும், குறையும். வாரம் ஒரு நாள், காலையில், வெளிக்குப் போய் வந்து, எதுவும் சாப்பிடுமுன் பார். எடைக் கருவி வாங்க மருமகள் கணக்கில் பணம் போட்டிருக்கிறேன். அதை அப்பாவின் மருந்துச் செலவில் சேர்த்துவிடாதே.

அப்பாவுக்கு காலை 8 மணிக்குக் கஞ்சி கொடுத்த பிறகு அவர் சாய்ந்து உட்கார்ந்து பேப்பர் பார்ப்பாரே, அந்த நேரம் உன்னுடையது. குளியல் அதற்குப் பின்னால் போகட்டும். வெள்ளிக்கிழமை காலை நிறுத்துப் பார்த்து, எண்ணை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. நானும் என் எண்ணை அனுப்புகிறேன்.

அன்புத் தங்கை