திங்கக்கெழம அந்தப் பொண்ணு ஆபீஸ் வர்றா

தம்பி,

நேத்து போன்ல பாதியில கட் ஆயிடுச்சு, திரும்பக் கூப்பிட்டா மீட்டிங்னு மெசேஜ் வந்துச்சு, சரி எழுதியே அனுப்பிடலாம்னு உக்காந்துட்டேன், அப்பா தூங்குறார். உன் டீம் பொண்ணு பிரசவ லீவு முடிஞ்சு திங்கக்கெழம வர்றா, பதினோரு மணிக்கு கேக் வெட்டி சர்ப்ரைஸ் பண்ணப் போறோம், என்ன கிஃப்ட் வாங்கலாம்னு கேட்ட. முதல்ல அந்தப் பொண்ணுக்கும் குட்டிக்கும் நான் வாழ்த்து சொன்னேன்னு சொல்லு. ஆனா அந்தப் பதினோரு மணி, அது வேணாம்டா.

ஏன்னு சொல்றேன். குழந்தைக்கு ஆறு மாசம் ஆச்சுன்னு நீ சொன்ன, லீவுதான் ஆறு மாசம், குழந்தைக்கு ஆறு மாசம் ஆகல. ஆடி பொறந்ததுமே அவ லீவு போட்டுட்டான்னு நீதான் சொன்ன, ஆவணி முதல் வாரத்துல குழந்தை பொறந்துச்சு. சட்டப்படி 26 வாரம், அதுல எட்டு வாரம் வரைக்கும் பிரசவத்துக்கு முன்னாடியே எடுத்துக்கலாம், இவ அஞ்சு வாரம் எடுத்துட்டா, மிச்சம் 21 வாரம். எண்ணிப் பாரு, குட்டிக்கு இன்னும் அஞ்சு மாசமே முழுசா முடியல. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணி கூட வேணாம்னு எல்லா டாக்டரும் சொல்றாங்க. அப்போ அந்தப் புள்ள சோறு ஊட்டுற வயசுக்கு வர்றதுக்கு முன்னாடியே அம்மா ஆபீசுக்கு வந்தாச்சு, பால் அவ கூடவே ஆபீசுக்கு வந்துடுச்சு, உனக்குப் புரியுதா?

காலைல எட்டு மணிக்கு ஊட்டிட்டு கிளம்பினான்னா மூணு மணி நேரத்துல திரும்பக் கட்டிக்கும். அதாவது சரியா பதினோரு மணி, நீ மெழுகுவர்த்தி ஏத்தி வச்சிருக்கற நேரம். அப்புறம் ரெண்டு மணி, அப்புறம் அஞ்சு. ஒவ்வொரு தடவையும் பம்ப் போட்டு எடுக்க பதினஞ்சு இருபது நிமிஷம், கழுவி வைக்க இன்னும் கொஞ்சம். தள்ளிப்போட்டா கல்லு மாதிரி ஆயிடும், அப்படியே விட்டா சிவந்து சூடாகி காய்ச்சல் வரும், போகப் போக பாலும் கொறஞ்சிடும்.

உனக்கு இத நான் சொன்னதே இல்ல. 1994ல நீ பொறந்தப்ப நம்ம தமிழ்நாடு கவர்மென்ட்ல 90 நாள்தான் லீவு (அத ஆறு மாசம் ஆக்கினது 2011ல, 2016ல ஒன்பது மாசம், 2021ல ஒரு வருஷம், இப்ப வர்ற புள்ளைங்க குடுத்து வச்சவங்க). தொண்ணூத்தி ஒண்ணாவது நாள் ஆபீஸ் போனேன். எல்லாரும் பையன் எப்படி இருக்கான், யார் சாயல்னு கேட்டாங்க, ஸ்வீட் எங்கன்னு கேட்டாங்க, சந்தோஷமாத்தான் இருந்துச்சு. மத்தியானம் சேலை முன்னாடி நனைஞ்சு போச்சு, ஒரு தடி ஃபைலை நெஞ்சோட அணைச்சுப் புடிச்சுக்கிட்டே சாயங்காலம் வரைக்கும் நடந்தேன். பாத்ரூம்ல நின்னு பீய்ச்சி சிங்க்ல ஊத்தினேன்டா, வீட்ல நீ புட்டிப்பாலுக்கு அழுதுட்டு இருந்திருப்ப. மூணாம் நாள் காய்ச்சல். மல்லிகைப்பூ வச்சுக் கட்டுன்னு பாட்டி சொன்னா, அது பால் வத்துறதுக்கு, நான் மாட்டேன்னுட்டேன். அப்புறம் டைப்பிஸ்ட் அக்கா ஒருத்தங்க ஒண்ணும் பேசாம ரெக்கார்டு ரூம் சாவியக் கையில குடுத்துட்டுப் போனாங்க. முப்பது வருஷத்துல எனக்குக் கெடச்ச கிஃப்ட்லயே அதுதான் பெருசு.

அதனால நீ வாங்க வேண்டியது கேக் இல்ல, உள்ள தாழ்ப்பா இருக்கற ஒரு ரூம். கண்ணாடி ரூமா இருந்தா பேப்பர் ஒட்டு, ஒரு நாற்காலி, ஒரு ப்ளக் பாயின்ட், பக்கத்துல கை கழுவ இடம், அது போதும். பாத்ரூம காட்டாத, சாப்பிடற பொருள அங்க எடுப்பாங்களா? எடுத்த பால் ஏசி ரூம்ல நாலு மணி நேரம் தாங்கும், நம்ம ஊர் வெயில்ல அத நம்ப முடியாது, ஃப்ரிட்ஜ்ல நாலு நாள் இருக்கும். கதவுத் தட்டுல வைக்கக் கூடாது, தொறந்து தொறந்து மூடுறதுல சூடு ஏறும், உள்ள பின்னாடி ஓரமா வைக்கணும். ஒரு மூடி போட்ட டப்பா நீயே வாங்கி வச்சு அதுல அவ பேர எழுதிடு, இல்லன்னா எவனாவது பால்னு எடுத்து காபில ஊத்திடுவான், சிரிக்காத, உங்க ஆளுங்க அப்படித்தான். காலண்டர்ல அந்த மூணு நேரத்தையும் அவளே பிளாக் பண்ணிக்கட்டும், ஏன்னு யாரும் கேக்க வேணாம். ஐம்பது பேருக்கு மேல வேலை பாத்தா குழந்தைங்கள விட்டுட்டுப் போற கிரஷ் வசதி இருக்கணும், ஒரு நாளைக்கு நாலு தடவ போய் குழந்தையப் பாக்க விடணும்னு 2017ல சட்டத்துலயே சேத்தாங்க, உங்க ஹெச்ஆர் கிட்ட அது எங்க இருக்குன்னு கேட்டு வை. அவளையே போய்க் கேக்க விடாத, வந்த அன்னைக்கே சலுகை கேக்குறான்னு பேசுவாங்க.

இன்னொண்ணு, இதுதான் எனக்கு ரொம்ப நாள் உறுத்தினது. நான் திரும்பி வந்தப்ப என் செக்ஷன வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டாங்க, எனக்கு தபால் ரெஜிஸ்டர். கைக்குழந்தக்காரி, பாவம், லேசான வேலையா இருக்கட்டும்னாங்களாம். என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. நல்ல மனசோட பண்ணினதுதான், ஆனா ரெண்டு வருஷம் அந்த ரெஜிஸ்டர்லயே கெடந்தேன். நீ அவளக் கேளு, பழைய வேலையே வேணுமா, இப்போதைக்குக் கொறைக்கணுமான்னு. ஆடிலருந்து என்னென்ன மாறிச்சு, யார் போனாங்க, யார் வந்தாங்கன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடு, முதல் நாள் அத உக்காந்து படிக்கட்டும். மீட்டிங்ல கூப்பிட்டு வச்சு கேள்வி கேக்காத.

கொண்டாடவே வேணாம்னு சொல்லல, சும்மா இருந்தா மறந்துட்டாங்கன்னு தோணும். சாப்பாடு முடிஞ்சு ரெண்டரை மணிக்கு, பம்ப் போட்டு வந்ததுக்கு அப்புறம், ஒரு பத்து நிமிஷம். முன்னாடியே சொல்லிடு, சர்ப்ரைஸ் வேணாம். கார்டுல குட்டிக்குத் தனியா ஒரு வரி, அவளுக்குத் தனியா ஒரு வரி எழுது. "குட்டிக்கு எங்க எல்லாரோட முத்தம்"னு ஒண்ணு. "நீ இல்லாம மாசக் கடைசி கணக்க முடிக்க எங்களுக்கு நாக்கு தள்ளிடுச்சு, நல்லவேள வந்துட்ட"ன்னு இன்னொண்ணு, அது உண்மைதான, நீயே பொலம்பினியே. உடம்பு போட்டுட்ட, எளச்சுட்ட, ராத்திரி தூங்கினியா, குழந்தைய விட்டுட்டு எப்படி வந்த, இதெல்லாம் ஒருத்தனும் கேக்கக் கூடாதுன்னு பசங்ககிட்ட சொல்லி வை. கடைசிக் கேள்விக்கு நான் மாடிப்படில நின்னு அழுதிருக்கேன். போட்டோ அவளாக் காட்டினா எல்லாரும் பாருங்க.

துணி வாங்கினா ஒரு வயசு சைஸ்ல வாங்கு, சின்னது அவங்க வீட்ல குவிஞ்சிருக்கும். வெள்ளிக் கொலுசு வேணாம், பல் மொளைக்கற நேரம், எல்லாத்தையும் வாயில வைக்கும், மணி கழண்டு வந்தா வம்பு. அப்பாவோட பழைய வேட்டி ரெண்டு, நல்லா தொவச்சுத் தொவச்சு பஞ்சு மாதிரி ஆனது, கிழிச்சு ஓரம் தச்சு வச்சிருக்கேன், பன்னெண்டு துண்டு வந்துச்சு, சனிக்கெழம ராத்திரி பஸ்ல குடுத்து விடறேன். நீ காலைல போய் வாங்கிக்கோ, தூங்கிடாத.

அம்மா