நடந்தே போனால் கட்-ஆஃபுக்குள் வந்துவிடலாமா? பதிவு செய்தவர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

ஜனவரி அரை மராத்தானுக்குப் பதிவு செய்திருக்கும் எல்லோருக்கும் இந்த மடல். இதை எழுத வைத்தது எங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்த ஒரு கேள்வி. அனுப்பியவரிடம் கேட்டுக்கொண்டு, பெயரை மட்டும் விட்டுவிட்டு இங்கே தருகிறோம்:

"வணக்கம் சார். எனக்கு முழங்கால் கொஞ்சம் தகராறு, ஓட மாட்டேன், வேகமாக நடப்பேன். என் ஆப்பில் கிலோமீட்டருக்கு 9:20 காட்டுகிறது. உங்கள் கட்-ஆஃப் மூன்றரை மணி. நடந்தே முடித்துவிடலாமா? பாதியில் வண்டியில் ஏற்றிவிட்டால் அசிங்கமாக இருக்கும், அதனால்தான் முன்கூட்டியே கேட்கிறேன்."

நல்ல கேள்வி. வேகத்தையும் எழுதியிருந்தார், ஆப்பின் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து அனுப்பியிருந்தார். "மெதுவாக நடப்பேன், பரவாயில்லையா?" என்று மட்டும் கேட்டால் எங்களால் எந்தப் பதிலும் சொல்ல முடியாது. ஒருவருடைய மெதுவும் இன்னொருவருடைய மெதுவும் ஒன்றல்ல.

முதலில் நேர்க்கணக்கு. அரை மராத்தான் 21.0975 கிலோமீட்டர். மூன்றரை மணி என்பது 210 நிமிடம். வகுத்தால் கிலோமீட்டருக்கு 9 நிமிடம் 57 விநாடி வரும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "பத்து நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர், அது போதும்" என்று நினைப்பார்கள். பத்து நிமிட வேகத்தில் போனால் 3 மணி 30 நிமிடம் 58 விநாடி ஆகும். ஒரு நிமிடத்தில் போச்சு.

நம் அன்பருடைய வேகம் 9:20. அதை 21.1-ஆல் பெருக்கினால் 3 மணி 17 நிமிடம். பதின்மூன்று நிமிடம் கையில் இருப்பதுபோல் தெரிகிறது. இனி அந்தப் பதின்மூன்று நிமிடம் எங்கெல்லாம் போகிறது என்று பார்ப்போம்.

ஸ்கிரீன்ஷாட்டிலிருந்தே தொடங்கலாம். பெசன்ட் நகரில் காலையில் நடந்த 12 கிலோமீட்டர். `Moving Time` என்ற இடத்தில் 1 மணி 52 நிமிடம், `Elapsed Time` என்ற இடத்தில் 2 மணி 3 நிமிடம். இடையிலுள்ள பதினோரு நிமிடம் அவர் நின்ற நேரம்: சிக்னல், தண்ணீர், ஷூ நாடா, அப்புறம் தெரிந்தவரைப் பார்த்து நாலு வார்த்தை. நாம் நிற்கும்போது ஆப்பும் கடிகாரத்தை நிறுத்திவிடும், நடக்கத் தொடங்கினால் மறுபடி ஓடவிடும். அதனால்தான் 9:20. நின்ற நேரத்தையும் சேர்த்தால் அது 10:15. போட்டிக் கடிகாரம் யாருக்காகவும் நிற்காது. போட்டியன்று சிக்னல் இருக்காது, அரட்டைக்கும் ஆள் கிடைக்காது. ஆகவே 10:15 என்று எடுப்பது அநியாயம். 9:20-ஐயே வைத்துக்கொண்டு, போட்டியில் நிச்சயம் நிற்க வேண்டிய நேரத்தை மட்டும் தனியாகச் சேர்ப்போம்.

அடுத்தது, கடிகாரம் எப்போது தொடங்குகிறது என்பது. எங்கள் அரை மராத்தான் 5 மணிக்குத் தொடங்குகிறது. உங்கள் பிப்பில் இருக்கும் சிப், தொடக்கக் கோட்டிலுள்ள டைமிங் மேட்டை நீங்கள் மிதிக்கும் நொடியிலிருந்து உங்கள் நேரத்தைக் கணக்கிடும். சான்றிதழில் வருவது அந்த நேரம்தான். ஆனால் கட்-ஆஃப் என்பது சாலையின் நேரம். 5 மணிக்கு விசில் ஊதியதிலிருந்து 8:30 வரை, அவ்வளவுதான். காரணம் எளிது. 8:30-க்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையின் இந்தப் பக்கத்தைப் போக்குவரத்துக்குத் திறந்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அனுமதி கிடைக்கிறது. நடப்பவர்கள் கூட்டத்தின் பின்னால் நிற்பதுதான் முறை, அங்கிருந்து கோட்டுக்கு வந்து சேரவே ஆறு நிமிடம் பிடிக்கும். நீங்கள் முதல் அடி வைக்கும் முன்பே ஆறு போய்விட்டது.

இதில் எல்லாப் போட்டிகளும் ஒரே மாதிரி இல்லை. டோக்கியோ மராத்தானில் ஏழு மணி நேரம், அதுவும் துப்பாக்கி வெடித்த நேரத்திலிருந்து. பின்வரிசைக்காரர்களுக்கு அதில் ஒரு பங்கு நின்றே கழிந்துவிடும். அமெரிக்காவில் டிஸ்னி நடத்தும் போட்டிகளில் மைலுக்கு 16 நிமிடம், அதாவது கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட பத்து நிமிடம். ஆனால் அங்கே கடைசி ஆள் கோட்டைத் தாண்டிய பிறகுதான் கணக்கு தொடங்கும், பலூன் கட்டிக்கொண்டு நடக்கும் பெண்கள் அந்த வேகத்தைக் காட்டிக்கொண்டே கடைசியில் வருவார்கள். ஹோனலூலு மராத்தானில் கட்-ஆஃபே கிடையாது. ஆகவே வேறு போட்டிக்குப் போகும்போதும் "கட்-ஆஃப் எவ்வளவு?" என்பதோடு நிறுத்தாமல் "எதிலிருந்து எண்ணுகிறீர்கள்?" என்றும் கேளுங்கள்.

மூன்றாவது, தூரம். "உங்கள் பாதை நீளம், என் வாட்ச் 21.3 காட்டியது" என்று ஒவ்வோர் ஆண்டும் சிலர் சண்டைக்கு வருவார்கள். பாதையை அளப்பது முன்சக்கரத்தில் எண்ணும் கருவி பொருத்திய சைக்கிளால். வளைவுகளில் ஓரக்கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, இருப்பதிலேயே குறுகிய கோட்டில் சைக்கிள் போகும். தூரம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாகவும் வைப்பார்கள். நீங்கள் அந்தக் கோட்டில் நடக்கப்போவதில்லை. கூட்டத்தைச் சுற்றிப் போவீர்கள், தண்ணீர் மேசைக்கு ஒதுங்குவீர்கள், வளைவில் வெளிப்பக்கமாக வருவீர்கள். 200 மீட்டர் கூடுவது சாதாரணம். 9:20 வேகத்தில் அது இரண்டு நிமிடம். அதனால் 21.3 கிலோமீட்டருக்கே கணக்குப் போடுவோம்: 3 மணி 19 நிமிடம்.

அதோடு தொடக்கத்தில் போன ஆறு நிமிடம், 3:25. தண்ணீர் மேசைகளில் நின்று குடிப்பதற்கு மொத்தம் மூன்று நிமிடம், 3:28. ஒருமுறை கழிப்பறை, அங்கே வரிசையும் இருக்கும், ஐந்து நிமிடம். 3:33. கட்-ஆஃப் தாண்டியாயிற்று.

இன்னொன்றும் உண்டு. நம் பாதை முதலில் தெற்கே போய் யூ-டர்ன் அடித்து வடக்கே திரும்புகிறது. ஜனவரியில் சென்னையில் சூரியன் உதிப்பது ஏறத்தாழ ஆறரைக்கு. போகும்போது இருட்டு, கொஞ்சம் குளிர்ச்சியும் இருக்கும். திரும்பும்போது வலப்பக்கம் முழுக்க வெயில். கடற்கரை ஈரப்பதத்தில் வியர்வை ஆவியாகாமல் சட்டையிலேயே நிற்கும், உடம்பு ஆறாது. 12 கிலோமீட்டருக்கு மேல் நடந்து பழகாத காலும் அதோடு சேரும். கடைசி ஐந்து கிலோமீட்டரில் 9:20 பத்து நிமிடமாவதை நாங்கள் எப்போதும் பார்க்கிறோம். அதில் இன்னும் மூன்று நிமிடத்துக்கு மேல் போகும். அப்படியானால் 3:36, அதாவது முடிவுக் கோட்டில் 8:36.

நடுவில் இரண்டு இடங்களிலும் கட்-ஆஃப் வைத்திருக்கிறோம். யூ-டர்ன் இருக்கும் 10.5 கிலோமீட்டரில் 6:50, 16 கிலோமீட்டரில் 7:45. பின்வரிசைக்காரர்களின் ஆறு நிமிடத்தை மனதில் வைத்து இரண்டிலும் கொஞ்சம் தாராளம் காட்டியிருக்கிறோம். நம் அன்பர் யூ-டர்னுக்கு 6:47 வாக்கில் வருவார், தாண்டிவிடுவார். கழிப்பறை நேரத்தையும் சேர்த்தால் 16-ஆவது கிலோமீட்டருக்கு 7:44. நூலிழை. இரண்டையும் தாண்டிவிட்டு முடிவில் ஆறு நிமிடம் தவறுவார். இது யூ-டர்னிலேயே நிற்பதைவிடக் கொடுமை என்று எங்களுக்குத் தோன்றும்.

ஆகவே அவருக்கு நாங்கள் எழுதிய பதில்: இப்படியே வந்தால் வர முடியாது, ஆனால் அந்த ஆறு நிமிடம் மிச்சம் பிடிக்க முடியாத ஒன்றல்ல.

கழிப்பறை வேலையை 4:30-க்கே முடித்துக்கொண்டால் ஐந்து நிமிடம் மிச்சம். 4:45-க்கு மேல் அங்கே வரிசை நீண்டுவிடும், அதனால் நேரத்தைக் குறிப்பிட்டே சொல்கிறோம். மீதிக்கு, மருத்துவர் சரி என்றால் மட்டும், முதல் 15 கிலோமீட்டரில் நான்கு நிமிடம் நடை, ஒரு நிமிடம் மெல்லோட்டம் என்று மாற்றி மாற்றிப் போகலாம். மெல்லோட்டம் மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் இருந்தால் போதும், சராசரி 8:54-க்கு வந்துவிடும். கிலோமீட்டருக்கு 26 விநாடி, 15 கிலோமீட்டரில் ஆறரை நிமிடம். இரண்டும் சேர்ந்தால் 8:25-க்குள் முடிக்கலாம். களைத்த பிறகு ஓடிப் பிடித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. 18-ஆவது கிலோமீட்டரில் யாராலும் அது முடிவதில்லை.

முழங்கால் மெல்லோட்டத்துக்கு இடம் தராவிட்டால் நடையிலேயே 9 நிமிடத்துக்கு வர வேண்டும். அடியை நீட்டி வைப்பதால் அது வராது, குதிகால் தரையில் இடித்து முழங்கால்தான் வாங்கிக்கட்டிக்கொள்ளும். அடி சின்னதாகவும் வேகமாகவும் இருக்கட்டும், முழங்கையை மடித்துக் கையை வீசுங்கள், கால் தானாகப் பின்தொடரும்.

நேரம் தவறினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். நடுக் கட்-ஆஃபில் தவறினால் எங்கள் ஆள் உங்கள் பிப்பை வாங்கிக்கொள்வார், வேனில் ஏறலாம். ஏற மாட்டேன் என்றால் சாலையை விட்டு இறங்கி ஓரமாக நடந்து வரலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் அதன் பிறகு தண்ணீர் மேசையோ ஆம்புலன்ஸோ உங்களுக்காக இருக்காது. 8:30-க்கு முடிவுக் கோட்டு மேட்டைச் சுருட்டிவிடுவோம், அதற்குப் பிறகு வருபவர்களுக்கு நேரமும் பதக்கமும் கிடையாது. வேனில் ஏறுவது அசிங்கமில்லை. அதில் ஏசி உண்டு, வாழைப்பழமும் உண்டு.

உங்களில் யாருக்காவது இதே சந்தேகம் இருந்தால், கேட்கும்போது இவற்றையும் எழுதுங்கள்: சமீபத்தில் ஒரே மூச்சில் நடந்த மிக நீண்ட தூரம், அதற்கான `Elapsed Time`, நடந்த வேளை காலையா மாலையா. மூன்று கிலோமீட்டர் நடையின் வேகமும் டிரெட்மில் கணக்கும் எங்களுக்கு உதவாது. குறைந்தது 14 கிலோமீட்டராவது இருந்தால் உறுதியாகச் சொல்வோம்.

கணக்குப் போட்டுப் பார்த்து வராது என்று தெரிந்தால் 10 கிலோமீட்டருக்கு மாறிக்கொள்ளலாம். அதற்குக் கட்-ஆஃப் இரண்டு மணி, அதாவது கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு நிமிடம், சாதாரண நடைக்கே போதும். டிசம்பர் கடைசி வரை மாற்றித் தருவோம், கட்டண வித்தியாசம் உங்கள் கணக்குக்குத் திரும்பிவிடும். பதிவு எண்ணை மட்டும் அதே வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
போட்டி அலுவலகத்திலிருந்து